ஏ/பி டெஸ்ட் முடிவை இடைவெளியோடு காட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் பதிவுப் பக்கத்துக்கு இரண்டு வாரம் ஏ/பி டெஸ்ட் நடத்தினோம். பழைய பக்கத்தைப் பார்த்த 12,000 பேரில் 600 பேர் பதிவு செய்தார்கள். புதிய பக்கத்தைப் பார்த்த 12,000 பேரில் 660 பேர். இரண்டையும் பார் சார்ட்டாக வரைந்து, மேலே எரர் பாரும் போட்டுக் காட்டினேன். எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் எரர் பாரைக் கண்டுகொள்ளவே இல்லை. "10% கூடியிருக்கு, வெளியிட்டுடலாம்" என்கிறார். பி-வேல்யூ 0.08 என்று சொன்னால், "அப்போ 92% நிச்சயம்தானே?" என்கிறார். நிச்சயமின்மை அவர் கண்ணில் படும்படி இதை எப்படிக் காட்டுவது?

பதில்:

உங்கள் மேனேஜர் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். இரண்டு பார் இருக்கின்றன, ஒன்று உயரம். அந்தப் படத்திலிருந்து வேறெதையும் எடுக்க முடியாது. அவர் மனதில் இருப்பதோ ஒரே கேள்வி: மாறினால் எவ்வளவு கூடும்? அந்த "எவ்வளவு" உங்கள் படத்தில் எங்கேயும் வரையப்படவில்லை. பழைய பக்கத்தின் அளவு ஒரு பார், புதிய பக்கத்தின் அளவு இன்னொரு பார். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அவரே கண்ணால் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கழிக்கும்போது பார்களின் உச்சியைத்தான் யாரும் கழிப்பார்கள். எரர் பார்களைக் கண்ணால் கழிப்பது யாராலும் முடியாது.

ஆகவே முதல் வேலை, இரண்டு பார்களையும் எடுத்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் வரைவது. வித்தியாசத்துக்கென்று தனியாக ஒரு கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் உண்டு, அதாவது டேட்டாவோடு பொருந்தும் வித்தியாசங்கள் எங்கிருந்து எங்குவரை என்று காட்டும் இடைவெளி. அந்த ஒன்று போதும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். பழையது 5.0%, புதியது 5.5%, வித்தியாசம் 0.5 சதவீதப் புள்ளி. ஒவ்வொரு பக்கத்துக்கும் விகிதத்தை, ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்து வருவதோடு பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இப்படி வரும் இரண்டு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் வித்தியாசத்தின் ஸ்டாண்டர்ட் எரர். உங்களுக்கு அது 0.288 புள்ளி. அதை 1.96 ஆல் பெருக்கினால் 0.56. ஆக 95% இடைவெளி, −0.06 புள்ளியில் தொடங்கி +1.06 புள்ளி வரை நீள்கிறது. புதிய பக்கம் ஒரு இழை மோசமாக இருக்கவும் இடம் உண்டு, ஒரு முழுப் புள்ளி மேலாக இருக்கவும் இடம் உண்டு. உங்கள் மேனேஜர் பார்க்க வேண்டியது இந்த நீளத்தைத்தான்.

பார்களின் மேல் தனித்தனியாக எரர் பார் போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு எரர் பார்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் "வித்தியாசம் இல்லை" என்று படிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அது தவறு. புதிய பக்கத்தில் 660 அல்ல, 680 பேர் பதிவு செய்திருந்தார்கள் என்று வையுங்கள். அப்போது பழைய பக்கத்தின் இடைவெளி 4.61 முதல் 5.39 வரை, புதியதின் இடைவெளி 5.25 முதல் 6.08 வரை. 5.25க்கும் 5.39க்கும் நடுவில் இரண்டும் ஏறி நிற்கின்றன. ஆனால் வித்தியாசத்தின் இடைவெளியைக் கணக்கிட்டால் 0.10 முதல் 1.24 வரை வரும். அதில் பூஜ்யமே இல்லை. ஒரே டேட்டா, இரண்டு படம், எதிரெதிரான முடிவு. காரணம் எளிது. இரண்டு பிழைகள் சேரும்போது நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடுகின்றன. கண் அந்தக் கணக்கைப் போடாது.

பார் வடிவத்திலேயே ஒரு கோளாறும் உண்டு. நியூமன், ஷோல் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியைப் பாராக வரைந்தால், அதே தொலைவில் பாருக்கு வெளியே இருக்கும் மதிப்பைவிட பாருக்குள்ளே இருக்கும் மதிப்பை மக்கள் அதிக சாத்தியமானதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். நிறம் பூசிய பகுதி "இருக்கிறது" என்று தோன்றுகிறது, பூசாத பகுதி "இல்லை" என்று தோன்றுகிறது. உங்கள் எரர் பாரில் பாதி, நிறத்துக்குள் அமிழ்ந்துபோயிருக்கும். அவர் கண்டுகொள்ளாததில் வியப்பில்லை. நடுவில் புள்ளி வைத்த கிடைமட்டக் கோடு இந்தக் கோளாறு இல்லாதது.

அந்தக் கோட்டை எந்த அலகில் வரைவது என்பது அடுத்த விஷயம். இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மேனேஜரின் "10%" இங்கேதான் பிறந்தது. 5.0 என்பது 5.5 ஆனால், அது 0.5 புள்ளி ஏற்றம், 5.0ஐ வைத்துப் பார்த்தால் 10% ஏற்றம். இரண்டும் உண்மை. ஆனால் கூட்டத்தில் "அரைப் புள்ளி" என்றால் சின்னதாகக் கேட்கும், "10%" என்றால் பெரிதாகக் கேட்கும். சதவீத ஏற்றத்துக்கும் இடைவெளி உண்டு. உங்கள் டேட்டாவில் அது சுமாராக −1% முதல் +22% வரை. "10% கூடியிருக்கு" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு முனைகளும் கூடவே வர வேண்டும்.

நான் இரண்டையும் விட்டுவிட்டு, தலையை எண்ணுவேன். இரண்டு வாரத்தில் 24,000 பேர் என்றால் மாதத்துக்குச் சுமார் 50,000 பேர். 0.5 புள்ளி என்றால் மாதத்துக்கு 250 கூடுதல் பதிவு. இடைவெளியின் முனைகளையும் அதேபோலப் பெருக்கினால், மாதத்துக்குச் சுமார் 30 பதிவு குறைவதில் தொடங்கி 530 பதிவு கூடுவது வரை. ப்ராடக்ட் மேனேஜரின் திட்டங்களும் இலக்குகளும் இந்த அலகில்தான் இருக்கின்றன. சதவீதப் புள்ளியை மனதுக்குள் மாற்றிப் பார்க்கும் வேலையை அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுங்கள். எண்களை முழுதாக்கியும் கொடுங்கள். −32, +532 என்று எழுதினால், கடைசி இலக்கம் வரை நமக்குத் தெரியும் என்று படம் பொய் சொல்கிறது.

இதை வரையப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம்:

```python
import math, matplotlib.pyplot as plt

n, month = 12000, 50000
a, b = 600/n, 660/n
d = (b - a) * month
se = math.sqrt(a*(1-a)/n + b*(1-b)/n) * month

plt.plot([d - 1.96*se, d + 1.96*se], [0, 0], lw=2, color="gray")
plt.plot([d - 0.67*se, d + 0.67*se], [0, 0], lw=9, color="gray")
plt.plot(d, 0, "o", color="black")
plt.axvline(0, color="black")
plt.axvline(100, color="black", linestyle="--")
plt.yticks([])
plt.show()
```

இதில் இரண்டு தடிமனில் கோடு வருவதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய கோடு 95% இடைவெளி. அதன் நடுவில் இருக்கும் தடித்த கோடு 50% இடைவெளி. அது சுமார் 150 முதல் 350 வரை. ஒரே தடிமனில் ஒரு கோடு மட்டும் இருந்தால், −30ம் 250ம் 530ம் சமமான வாய்ப்பு உள்ளவை என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர், கோட்டின் முனையைத் தாண்டி எதுவுமே நடக்காது என்று எடுத்துக்கொள்வார்கள். தடிமன் குறைந்துகொண்டே போனால் கண்ணுக்குச் சேதி சரியாகப் போகிறது: டேட்டாவோடு நடுப்பகுதி நன்றாகப் பொருந்துகிறது, முனைகள் அரைகுறையாகப் பொருந்துகின்றன. ஏற்றத்துக்குப் பச்சை, இறக்கத்துக்குச் சிவப்பு என்று நிறம் போடாதீர்கள். கோட்டில் பெரும்பகுதி பச்சையாகத் தெரிந்த உடனே அவர் தீர்ப்பு எழுதிவிடுவார்.

100இல் நிற்கும் விட்டு விட்டுப் போகும் கோடுதான் இந்தப் படத்தில் எனக்கு முக்கியமானது. டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே மேனேஜரிடம் கேட்டு வாங்க வேண்டிய எண் அது: மாதத்துக்குக் குறைந்தது எத்தனை பதிவு கூடினால் இந்த மாற்றம் உங்களுக்குப் பெறுமானம்? புதிய பக்கத்தைப் பராமரிக்க ஆள் வேண்டும், சோதனை வேண்டும், பழைய பக்கத்தைக் கழற்றும் வேலை வேண்டும். அதையெல்லாம் எடைபோட்டு அவர் 100 என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது படத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள்: பூஜ்யம், 100. கிடைமட்டக் கோடு முழுக்க 100க்கு வலப்பக்கம் இருந்தால் வெளியிடலாம். முழுக்க 100க்கு இடப்பக்கம் இருந்தால், அது பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தாலும் விட்டுவிடலாம். கூடுகிறது, ஆனால் போதாது. உங்களுடையது இரண்டு செங்குத்துக் கோடுகளையும் தாண்டி இரு பக்கமும் நீண்டு கிடக்கிறது. தடித்த பகுதி முழுக்க 100க்கு மேலே. நம்பிக்கை தரும் நிலைதான், ஆனால் இன்னும் தீரவில்லை. மேனேஜர் இதைப் படத்தில் தானே பார்ப்பார். நீங்கள் புள்ளியியல் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

படத்தின் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். நான் எழுதுவதாக இருந்தால்: "புதிய பக்கத்துக்கு மாறினால் மாதத்துக்குச் சுமார் 30 பதிவு குறையவும் இடமுண்டு, 530 கூடவும் இடமுண்டு, இந்த டேட்டாவோடு நன்றாகப் பொருந்துவது 150 முதல் 350 வரை." குறைந்தபட்ச முனையை முதலில் எழுதுவது வேண்டுமென்றே செய்வது. "250 கூடும், ஆனால்..." என்று தொடங்கினால் காதில் 250 மட்டும்தான் தங்கும். தலைப்பிலும் 250 வேண்டாம், 10% வேண்டாம்.

"92% நிச்சயம்தானே?" என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்லுங்கள்: இல்லை. இரண்டு பக்கங்களுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும், இவ்வளவோ இதைவிடப் பெரியதோ ஆன வித்தியாசம் தற்செயலாக ஏதாவது ஒரு திசையில் வந்துவிடும் வாய்ப்பு 8%. பி-வேல்யூ சொல்வது அவ்வளவுதான். புதிய பக்கம் மேலானதாக இருக்கும் வாய்ப்பு என்ன என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்த மாதிரி மாற்றங்கள் உங்கள் நிறுவனத்தில் இதுவரை எத்தனை தடவை உண்மையிலேயே பலன் தந்தன என்ற முன்னறிவும் கணக்கில் வர வேண்டும். பத்தில் ஒன்றுதான் பலித்திருக்கிறது என்றால் இந்த டேட்டாவை வைத்துக்கொண்டு ஒரு அளவு நம்பலாம். பத்தில் ஐந்து பலித்திருந்தால் அதைவிடக் கூடுதலாக நம்பலாம். இந்த விளக்கம் கூட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட்டுப் படத்துக்குத் திரும்புங்கள். பி-வேல்யூவைப் படத்திலேயே எழுதாமல் விடுவது இன்னும் நல்லது.

அதே சமயம், பூஜ்யம் இடைவெளிக்குள் இருக்கிறது என்பதற்காக "பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அதுவும் அவர் செய்வதைப் போலவே இடைவெளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசுவதுதான். மாறியிருப்பது பட்டனில் உள்ள வாசகம் மட்டும், பராமரிப்புச் செலவு எதுவும் இல்லை, வேண்டாமென்றால் ஐந்து நிமிடத்தில் பழையதுக்குத் திரும்பலாம் என்றால், பெறுமான எண் 100 அல்ல, பூஜ்யத்துக்கு அருகில் எங்கோ இருக்கும். அப்போது மோசமான முனையில் இழப்பு மாதத்துக்குச் சுமார் 30 பதிவு. நல்ல முனையில் லாபம் 530. இந்தக் கணக்கைப் பார்த்து ஒரு மேனேஜர் "வெளியிடுவோம்" என்றால் அது நியாயமான முடிவு, நான் தடுக்க மாட்டேன். முடிவு அவருடையது. முனைகளை அறிந்துகொண்டு எடுத்தாரா என்பதுதான் உங்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நன்றாக வந்த டெஸ்ட்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிட்டால், வெளியான பிறகு கிடைக்கும் ஏற்றம் டெஸ்ட்டில் கண்டதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். தற்செயல் சாதகமாக அமைந்தவைதான் தேர்வில் முன்னால் வந்து நிற்கின்றன. அவர் மேலிடத்துக்கு "10%" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த காலாண்டில் 3% வந்தால், டேட்டாக் குழுவின் சொல்லுக்கு மரியாதை போய்விடும். இடைவெளியைக் கொடுத்திருந்தால் 3% என்பது நீங்கள் ஏற்கனவே சொன்ன எல்லைக்குள்தான் இருக்கும்.

"சரி, இன்னும் கொஞ்ச நாள் ஓடவிட்டால் தெளிவாகிவிடுமா?" என்று அவர் கேட்பார். இதற்கு விலை சொல்லிவிடலாம். இடைவெளியின் அகலம், ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்கள்: பக்கத்துக்கு 48,000 பேர், உங்களுக்கு வரும் ஆட்களின் அளவுக்கு எட்டு வாரம். அந்த டெஸ்ட்டிலும் 0.5 புள்ளி வித்தியாசமே வந்தால், அப்போது இடைவெளி மாதத்துக்குச் சுமார் 110 முதல் 390 வரை சுருங்கி 100ஐத் தாண்டி நிற்கும். எட்டு வாரம் காத்திருப்பது அந்தத் தெளிவுக்கு ஈடாகுமா என்று அவர் தீர்மானிக்கட்டும்.

காத்திருக்கலாம் என்று முடிவானால், பழைய 12,000 பேரோடு புதியவர்களைச் சேர்த்து நீட்டாதீர்கள். முடிவைப் பார்த்த பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டுவதும், பூஜ்யம் விலகும்வரை நீட்டிக்கொண்டே போவதும் ஒரே குணம். 95% என்ற பெயர், முன்பே குறித்த ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால்தான் பொருந்தும். வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களைச் சம இடைவெளியில் பத்து முறை பார்த்து, எப்போதாவது பூஜ்யம் வெளியே போனால் நிறுத்துவது என்று வைத்தால், தவறாக "வென்றது" என்று சொல்லும் வாய்ப்பு 5% அல்ல, சுமார் 19%. தினமும் டாஷ்போர்டைத் திறந்து பார்க்கும் மேனேஜர் அறியாமலேயே இதைச் செய்கிறார். எனவே முடிவுத் தேதியைக் குறித்துவிட்டு, புதிய டெஸ்ட்டாகத் தொடங்குங்கள். அந்தத் தேதிவரை டாஷ்போர்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் தெரியட்டும். பதிவு விகிதமும் இடைவெளியும் தேதி வந்த பிறகு திறக்கட்டும். நடுவிலேயே பார்த்துத் தீர வேண்டிய கட்டாயம் இருந்தால், அதற்கென்றே அமைந்த சீக்வென்ஷியல் முறை இடைவெளிகள் உண்டு. அவை அகலம் கூடுதலானவை, ஆனால் எந்த நாளில் பார்த்தாலும் நேர்மையானவை.

அந்த ஆள் எண்ணிக்கையை நீங்களும் கவனித்து வாருங்கள். பாதிப் பாதி என்று பிரித்திருக்கும்போது ஒரு பக்கத்துக்கு 12,000, இன்னொன்றுக்கு 11,300 என்று வந்தால், அது தற்செயலாக வரும் அளவு அல்ல. பிரிப்பதிலோ வந்தவர்களை எண்ணிக் குறிப்பதிலோ கோளாறு இருக்கிறது. அப்படிப்பட்ட டேட்டாவின் மேல் எவ்வளவு அழகாக இடைவெளி வரைந்தாலும் அது தவறான எண்ணைச் சுற்றி வரைந்த கோடுதான். 12,000 என்பது ஆட்களா, வருகைகளா என்பதையும் உங்கள் பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஆள் மூன்று முறை வந்ததை மூன்று பேராக எண்ணியிருந்தால், இருப்பதைவிட அதிகத் தகவல் இருப்பதாகக் கணக்கு நினைத்துக்கொள்ளும். இடைவெளி உண்மையைவிடக் குறுகலாக வரும். அப்படி எண்ணியிருந்தால், மேலே நான் போட்ட −30, 530 என்ற முனைகளும் இன்னும் விலகிப் போகும். கூட்டத்துக்கு முன் இந்த ஒன்றைச் சரிபார்த்துவிட்டுப் படத்தை வரையுங்கள்.